ரூம் இதமா இருக்கா? ஃபஸ்ஸி செட்ல min, max போட்டுப் பாக்கலாம்

"இந்த ரூம் இதமா இருக்கா"ன்னு நாலு பேரைக் கேளுங்க, யாரும் பட்டுன்னு ஆமா இல்லன்னு சொல்ல மாட்டாங்க. "பரவால்ல", "லேசா புழுங்குது", "ம்ம், ஓகே"ன்னு தான் வரும். ஸ்கூல்ல படிச்ச செட்ல இந்த "பரவால்ல"வுக்கு இடமே கிடையாது, ஒண்ணு உள்ள இருக்கணும் இல்ல வெளிய இருக்கணும். 26 டிகிரி வரைக்கும் இதம்னு கோடு போட்டீங்கன்னா 26.1 ஆன உடனே ரூம் இதமில்லாம போயிடுது, உள்ள உக்காந்திருக்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்தக் கோட்டை ஒரு சரிவா மாத்தினா அதுதான் ஃபஸ்ஸி செட். 1965ல லோத்ஃபி சாதே எழுதின கட்டுரையில இது வந்துச்சு, நாம இப்ப போடப்போற யூனியன், இன்டர்செக்‌ஷன் கணக்கும் அதுலயே இருக்கு.

ஸ்டெப் 1: சரிவு போடுறது

ரெண்டு செட் எடுத்துக்கலாம். T ன்னா "வெப்பநிலை இதம்", H ன்னா "ஈரப்பதம் இதம்". ஒவ்வொரு ரூமுக்கும் ஒவ்வொரு செட்லயும் 0ல இருந்து 1 வரைக்கும் ஒரு நம்பர் கிடைக்கும், இதுக்குப் பேர் மெம்பர்ஷிப் மதிப்பு. 0ன்னா செட்ல சுத்தமா இல்ல, 1ன்னா முழுசா இருக்கு, நடுவுல இருக்கிறதெல்லாம் அந்த "பரவால்ல".

T க்கு நான் போட்டது இப்படி: 18 டிகிரியும் அதுக்குக் கீழயும் 0, அங்கருந்து ஏறி 22ல 1 ஆகுது, 26 வரைக்கும் 1லயே நிக்குது, அப்புறம் இறங்கி 31ல 0. H க்கு 20 சதவீதத்துல 0, 40ல 1, 60 வரைக்கும் 1, 80ல மறுபடி 0. இந்த நம்பரெல்லாம் நான் முடிவு பண்ணது, ஃபஸ்ஸி செட் இதைச் சொல்லித் தராது. உங்க உடம்புக்கு 28 கூட இதம்னா சரிவை நகத்திக்கோங்க, ஒண்ணும் தப்பில்ல.

```python
def t(x):
    return max(0, min((x-18)/4, 1, (31-x)/5))

def h(x):
    return max(0, min((x-20)/20, 1, (80-x)/20))
```

(இதுக்குள்ள இருக்கிற min, max சரிவை 0க்கும் 1க்கும் நடுவுல பிடிச்சு வைக்கத்தான். கீழ வர்ற இன்டர்செக்‌ஷன், யூனியனோட இதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.)

ஸ்டெப் 2: ரூமை உள்ள விடுறது

நாலு ரூம். ஹால்ல 24 டிகிரி, ஈரப்பதம் 70. பெட்ரூம்ல 28, 55. மாடி ரூம்ல 30, 64. ஸ்டோர் ரூம்ல 21, 76.

பெட்ரூமை மட்டும் கையால போட்டுப் பாருங்க. 28 இறங்குற சரிவுல இருக்கு, (31-28)/5 = 0.6. ஈரப்பதம் 55, அது தட்டையான இடம், அதனால 1. மத்ததும் இதே மாதிரிதான்:

```
ஹால்         T = 1      H = 0.5
பெட்ரூம்      T = 0.6    H = 1
மாடி ரூம்     T = 0.2    H = 0.8
ஸ்டோர் ரூம்   T = 0.75   H = 0.2
```

இங்க ஒரு விஷயம் நிறைய பேருக்கு இடிக்கும். பெட்ரூமோட 0.6ன்னா "இதமா இருக்க 60 சதவீத வாய்ப்பு"ன்னு அர்த்தம் இல்ல. தெர்மாமீட்டர் 28ன்னு காட்டிடுச்சு, அதுல சந்தேகமே கிடையாது. "இதம்"ங்கிற வார்த்தை 28 டிகிரிக்கு எவ்ளோ தூரம் பொருந்துதுங்கிறதுதான் 0.6.

ஸ்டெப் 3: ரெண்டும் வேணும்னா min

ரூம் இதமா இருக்கணும்னா வெப்பமும் சரியா இருக்கணும், ஈரப்பதமும் சரியா இருக்கணும். இந்த "உம், உம்" தான் இன்டர்செக்‌ஷன், ரெண்டு மதிப்புல சின்னதை எடுக்கணும். ஹால் 0.5, பெட்ரூம் 0.6, மாடி ரூம் 0.2, ஸ்டோர் ரூம் 0.2. பெட்ரூம் ஜெயிச்சிடுச்சு.

ஏன் சின்னது, சராசரி எடுத்தா என்னன்னு தோணும், நானும் முதல்ல அப்படித்தான் போட்டேன். ஒரு ரூம்ல 24 டிகிரி, ஆனா ஈரப்பதம் 80ன்னு வச்சுக்கோங்க, T = 1, H = 0. சராசரி 0.5ன்னு வருது, அதாவது பாதி இதமாம், ஆனா உள்ள போனா சட்டை முதுகுல ஒட்டிக்கிட்டு அஞ்சு நிமிஷம் உக்கார முடியாது. வெப்பநிலை எவ்ளோ நல்லா இருந்தாலும் அது ஈரப்பதத்தோட குறையை மூடக்கூடாது, min அதை மூட விடாது, 0ன்னு சொல்லிடும்.

ஸ்டெப் 4: ஏதாவது ஒண்ணுன்னா max

யூனியனுக்கு "வெப்பம் இதம் அல்லது ஈரப்பதம் இதம்"னு போட்டா ஹால் 1, பெட்ரூம் 1, மாடி 0.8, ஸ்டோர் 0.75ன்னு வரும். கணக்கு சரிதான், ஆனா இப்படி ஒரு கேள்வியை யாரும் கேக்கப்போறதில்ல. யூனியன் உதவுற இடம் புகார். வெப்பம் சரியில்லன்னாலும் ஆள் முணுமுணுப்பாங்க, ஈரப்பதம் சரியில்லன்னாலும் முணுமுணுப்பாங்க, எது பெருசோ அதுதான் புகாரோட அளவு.

"சரியில்ல"ங்கிறதுக்கு 1ல இருந்து கழிக்கணும். மாடி ரூமுக்கு வெப்பம் சரியில்ல 0.8, ஈரப்பதம் சரியில்ல 0.2, max எடுத்தா புகார் 0.8. இப்ப ஸ்டெப் 3ல வந்த இதத்தைப் பாருங்க, 0.2. ரெண்டையும் கூட்டினா 1. ஹாலுக்கு 0.5ம் 0.5ம், பெட்ரூமுக்கு 0.6ம் 0.4ம், ஸ்டோருக்கு 0.2ம் 0.8ம். எல்லா ரூமுக்கும் இப்படி 1 வரணும், வரலன்னா எங்கயோ min போட வேண்டிய இடத்துல max போட்டிருக்கீங்க, இல்ல கழிக்க மறந்துட்டீங்க. நான் எப்பவும் இதை வச்சுத்தான் செக் பண்ணுவேன்.

ஆனா ஒண்ணு, பெட்ரூம்ல "வெப்பம் இதம்" 0.6, "இதமில்ல" 0.4. இந்த ரெண்டுக்கும் min எடுத்தா 0.4 வரும், சாதாரண செட்ல கண்டிப்பா 0 வந்திருக்கணும். max எடுத்தா 0.6, அங்க 1 வந்திருக்கணும். இது பிழை இல்ல. கோட்டை எடுத்துட்டு சரிவு போட்டோம்ல, அந்தச் சரிவுல நிக்கிற ரூம் ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் சேரத்தான் செய்யும்.

min எங்க இடறும்

மாடியும் ஸ்டோரும் 0.2லயே நிக்குது பாத்தீங்களா. மாடியில ஈரப்பதம் 0.8, கிட்டத்தட்ட நல்லாவே இருக்கு. அதை 0.3க்கு இறக்கினாலும் விடை அதே 0.2 தான், ஏன்னா min மோசமானதை மட்டும்தான் பாக்கும், இன்னொண்ணைத் திரும்பிக்கூடப் பாக்காது. இதுக்காகவே சில பேர் min க்கு பதிலா பெருக்கல் போடுவாங்க, அப்ப மாடி 0.16, ஸ்டோர் 0.15ன்னு பிரிஞ்சிடும்.

பெருக்கல்ல வேற தலைவலி இருக்கு. பெட்ரூம் வெப்பநிலையைத் தெரியாம ரெண்டு தடவ சேத்துட்டீங்கன்னு வைங்க, 0.6 × 0.6 = 0.36, ஒரே விஷயத்தை ரெண்டு தடவ சொன்னதுக்கே ரூம் மோசமாயிடுச்சு. min ல அது 0.6 ஆவே இருக்கும், எத்தனை தடவ சொன்னாலும். அதனால நான் min தான் வச்சுக்கிறேன், டை ஆனா மட்டும் எந்த மதிப்பு சின்னதா இருந்துச்சுன்னு பக்கத்துல எழுதிக்குவேன். மாடிக்கு "வெப்பம்"னு வரும், ஸ்டோருக்கு "ஈரப்பதம்"னு வரும். நம்பர் ஒண்ணா இருந்தாலும் ஒரு ரூமைக் குளிர்விக்கணும், இன்னொண்ணை உலர விடணும்.