புரொபேஷனில் இருக்கும்போது வேலை போனால்

ஆஃபர் லெட்டரில் இப்படி ஒரு வரி இருக்கலாம்: ‘முதல் 6 மாதம் புரொபேஷன். அந்தக் காலத்தில் நோட்டீஸ் இல்லாமலே வேலையை விட்டு நீக்கலாம்.’ புதிதாக வந்தவர்கள் இதைப் படித்துவிட்டு, ஆறு மாதம் வரை தங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியில்லை. புரொபேஷன் என்பது கம்பெனி வைக்கும் கெடு. சட்டம் தன் கணக்கைத் தனியாக வைத்திருக்கிறது, அதுவும் நாட்டுக்கு நாடு மாறும்.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டால், லெட்டரில் என்ன எழுதியிருந்தாலும் குறைந்தது ஒரு வார நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும் (திருட்டு போன்ற பெரிய குற்றம் வேறு விஷயம்). சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் முதல் நாளிலிருந்தே சேர ஆரம்பிக்கிறது.

ஒருவர் வாரம் 5 நாள் வேலை செய்து, சரியாக 4 மாதத்தில் நீக்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அவருக்கு ஆண்டுக்கு 28 நாள் விடுமுறை, பொது விடுமுறைகளும் அதில் அடக்கம். 4 மாதத்துக்கு 9 நாளுக்குச் சற்று மேல் வரும். அதில் 3 நாள் எடுத்திருந்தால், மீதி 6 நாளுக்கு மேலான சம்பளமும் ஒரு வார நோட்டீஸ் சம்பளமும் கடைசிச் சம்பளத்தோடு வர வேண்டும். பலருக்கு இந்த விடுமுறைப் பணம் விட்டுப்போகிறது, அவர்களும் கேட்பதில்லை. கடைசி பே ஸ்லிப்பில் அது தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜெர்மனியில் கணக்கு வேறு. அங்கே புரொபேஷன் 6 மாதத்துக்கு மேல் போகக் கூடாது, நோட்டீஸ் பொதுவாக இரண்டு வாரம். வேலைநீக்கம் கையெழுத்திட்ட காகிதமாகக் கையில் வர வேண்டும். ஈமெயிலில் அனுப்பினால் செல்லாது.

கர்ப்பம், இனம், மதம் போன்ற காரணங்களுக்காக நீக்குவது இந்த இரண்டு நாட்டிலும் முதல் நாளிலிருந்தே தவறு. ‘புரொபேஷன்தானே’ என்ற பதில் அதற்குச் செல்லாது. ஆனால் வேலை திருப்தியாக இல்லை என்று நீக்கினால், அதை எதிர்த்து நிற்பது புரொபேஷனில் கடினம்தான். அதை மறைப்பதில் பயன் இல்லை.

அப்புறம், மீட்டிங்குக்குக் கூப்பிட்டு, “நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கும் நல்லது” என்பார்கள். அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களாகவே உடனே விலகினால் நோட்டீஸ் சம்பளம் போய்விடலாம். “யோசித்து நாளைக்குச் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அவர்கள் சொன்னதையும் தேதியையும் அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.