இத்தாலியில் 112-ஐ அழைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

இத்தாலியின் எந்த ஊரிலிருந்தும் ஆம்புலன்ஸ், தீயணைப்பு இரண்டுக்கும் 112-ஐ அழைக்கலாம். சுற்றுலா போகிறவர்கள் பலர் 'அம்புலான்ட்ஸா' என்ற ஒரு சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். அது போதாது. போனை எடுப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது இடம். "தோவே ஸி த்ரோவா?" என்று கேட்டால், "எங்கே இருக்கிறீர்கள்?" என்று அர்த்தம்.

ஃபுளோரன்ஸில் வாடகை வீட்டில் தங்கியிருக்கும்போது அப்பாவுக்கு நெஞ்சுவலி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்படிச் சொல்லுங்கள்: "மி ஸெர்வே உனம்புலான்ட்ஸா. வியா தெய் ஸெர்வி, நூமெரோ வென்தி, ஸெகொந்தோ பியானோ. மியோ பாத்ரே ஆ தொலோரே அல் பெத்தோ." ஆம்புலன்ஸ் வேண்டும், தெரு, 20-ஆம் எண், இரண்டாவது மாடி, அப்பாவுக்கு நெஞ்சுவலி: எல்லாம் இதில் வந்துவிட்டது. அந்த ஊரில் கடைகளுக்குச் சிவப்பு எண், வீடுகளுக்கு நீலம் அல்லது கறுப்பு எண். இரண்டும் தனித்தனி வரிசை என்பதால் சிவப்பு 20-உம் நீல 20-உம் தள்ளித் தள்ளி இருக்கலாம். நீங்கள் நிற்பது கடை வாசல் என்றால் எண்ணுக்குப் பிறகு 'ரோஸ்ஸோ' என்று கட்டாயம் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது, "ஸ்தோ மாலே" என்பது. "எனக்கு உடம்பு சரியில்லை" என்பதுதான் அதன் பொருள். அப்பாவுக்காக அழைத்துவிட்டு இதைச் சொன்னால், நோயாளி நீங்கள்தான் என்று அவர்கள் நினைப்பார்கள். அவருக்காக என்றால் "ஸ்தா மாலே".

எனக்கு மிகவும் கவலை தருவது குரலின் ஏற்ற இறக்கம். இத்தாலிய மொழியில் "ரெஸ்பீரா" என்று குரலை உயர்த்தி முடித்தால் "மூச்சு விடுகிறாரா?" என்ற கேள்வி. இறக்கி முடித்தால் "மூச்சு விடுகிறார்" என்ற செய்தி. சொற்களில் எந்த மாற்றமும் இல்லை. சரியாகச் சொல்கிறோமா என்ற தயக்கத்தில் நம் குரல் தானாகவே மேலே போகும். "நோன் ரெஸ்பீரா", அதாவது மூச்சு இல்லை என்பதை, குரலைத் தாழ்த்தி அழுத்தமாகச் சொல்லுங்கள். அவர்கள் கேட்டால் "ஸி" (ஆம்) அல்லது "நோ" போதும்.

தீ என்றால் போனில் 'ஃபுவோகோ' என்று மட்டும் கத்த வேண்டாம். அது அடுப்புத் தீக்கும் சொல்லும் சொல். "ச்சே உன் இன்ச்சேந்தியோ" என்றால் தீ விபத்து என்று உடனே புரியும். உள்ளே ஆட்கள் மாட்டியிருந்தால் "ச்சே ஜென்தே தென்த்ரோ" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தாரை எச்சரிக்கக் கத்துவது "அல் ஃபுவோகோ!"

அப்புறம், பல பகுதிகளில் முதலில் எடுப்பவர் விவரம் கேட்டுவிட்டு மருத்துவ மையத்துக்கோ தீயணைப்புக்கோ இணைப்பை மாற்றுவார். அங்கே அதே கேள்விகள் மறுபடியும் வரும். லைன் துண்டிக்கப்பட்டதாக நினைத்து வைத்துவிடாதீர்கள். மொழி கைவிட்டால் "பார்லா இங்லேஸே?" என்று ஆங்கிலம் தெரியுமா என்று கேளுங்கள், ஆனால் முகவரியைச் சொல்லி முடித்த பிறகே கேளுங்கள்.