அப்ரைசலுக்கு ஆண்டு முழுவதும் குறிப்பு எடுப்பது எப்படி? ஓர் அக்கவுண்டன்டின் பதிவேட்டோடு ஒரு செய்முறை

மார்ச் மாதம் ஹெச்.ஆரிடமிருந்து சுயமதிப்பீட்டுப் படிவம் வரும். அதில் "இந்த ஆண்டில் உங்கள் முக்கியப் பங்களிப்புகள்" என்றொரு கட்டம் இருக்கும். பெரும்பாலானவர்கள் அதில் எழுதுவது ஜனவரி, பிப்ரவரியில் செய்த வேலையைத்தான். ஏப்ரலில் தொடங்கிய ஆண்டின் முதல் பாதி யாருக்கும் நினைவில் இருக்காது. மேலாளர் பல பேருடைய வேலையைப் பார்க்கிறவர், அவருக்கும் இருக்காது. அதனால் வேலை நடந்த வாரத்திலேயே அதைக் குறித்துவைக்க வேண்டும்.

இதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். நூல், நிட்டிங், டையிங், பிரின்டிங் பில்களை டாலியில் ஏற்றுவதும், மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்கைத் தயார் செய்து ஆடிட்டருக்கு அனுப்புவதும் அவர் வேலை. "மாசா மாசம் அதே வேலைதானே, இதுல சாதனைன்னு எழுத என்ன இருக்கு?" என்று கேட்கிறவர்கள் அக்கவுண்ட்ஸில்தான் அதிகம். அதற்காகவே இந்த உதாரணம்.

முதல் படி: எங்கே எழுதுவது

ஒரே ஒரு ஷீட் போதும். எக்ஸெலோ கூகுள் ஷீட்டோ, உங்களுக்குப் பழகியது எதுவோ அது. ஐந்து பத்திகள் போடுங்கள்: தேதி, முன்பு எப்படி இருந்தது, நான் என்ன செய்தேன், அதனால் என்ன மாறியது, ஆதாரம் எங்கே இருக்கிறது.

இந்த ஷீட்டை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் வைக்காதீர்கள். வேலையை விடும் நாளில் மெயிலும் கம்ப்யூட்டரும் கையை விட்டுப் போய்விடும், ரெஸ்யூமேக்கு வேண்டிய எல்லாமும் அதோடு போகும். ஷீட் உங்கள் சொந்தக் கணக்கில் இருக்கட்டும். ஆனால் அதற்குள் நிறுவனத்தின் தகவல் எதுவும் போகக் கூடாது. சப்ளையர் பெயர், பில் தொகை, வங்கி விவரம், ஸ்கிரீன்ஷாட் எதுவும் வேண்டாம். ஆபீஸ் மெயிலைச் சொந்த மெயிலுக்கு ஃபார்வர்டு செய்வதும் வேண்டாம். பல நிறுவனங்களில் இது நேரடியான விதிமீறல், இதற்காகவே வேலை போகலாம். "ஒரு டையிங் சப்ளையர்", "மாதம் சுமார் 400 பில்" என்ற அளவில் எழுதினால் உங்களுக்குப் புரியும், வெளியாளுக்கு எதுவும் தெரியாது. ஆதாரப் பத்தியிலும் ஆதாரத்தை ஒட்டாமல், அது இருக்கும் இடத்தை மட்டும் குறியுங்கள்: "ஆடிட்டருக்குப் போன மெயில், ஜூன் 16".

இரண்டாம் படி: எப்போது எழுதுவது

வாரக் கடைசி நாளில், கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம். யோசித்து யோசித்து எழுத வேண்டியதில்லை. அந்த வாரம் நீங்கள் அனுப்பிய மெயில்களை மேலிருந்து கீழே ஒரு பார்வை பாருங்கள். உள்ளே வந்த மெயிலில் மற்றவர்களின் வேலைதான் தெரியும், உங்கள் வேலை தெரிவது அனுப்பிய மெயிலில். அப்புறம் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் பதில் சொன்ன இடங்களைப் பாருங்கள். பாதி வேலை அங்கேதான் நடக்கிறது.

சில வாரங்கள் எழுத ஒன்றும் இருக்காது. அப்போது காலியாகவே விட்டுவிடுங்கள். நிரப்ப வேண்டுமே என்று எழுதப்போனால் ஷீட் தினசரி வேலைப் பட்டியலாக மாறிவிடும், மார்ச்சில் அதை நீங்களே படிக்க மாட்டீர்கள்.

மூன்றாம் படி: ஒரு பதிவை எழுதுவது

இதில்தான் பலருக்கும் தடுமாற்றம். நம் அக்கவுண்டன்ட் முதலில் எழுதியது இது:

"ஜூன்: ஜிஎஸ்டி ரீகன்சிலியேஷன் சரியான நேரத்தில் முடித்தேன்."

அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இதே வரியை எழுதலாம். பதிவு பயனற்றது என்பதற்கு அதுவே அடையாளம். உண்மையில் அவர் என்ன செய்தார் என்று பார்ப்போம்.

சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டலில் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை அடுத்த மாதம் 14-ஆம் தேதி வரும். மாதாமாதம் ஃபைல் செய்பவர்கள், அந்த மாதத்து வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை 20-ஆம் தேதிக்குள் போட வேண்டும். நடுவில் இருப்பது ஆறே நாள். அதற்குள் டாலியில் உள்ள பில்லும் 2பி-யில் உள்ள பில்லும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாத பில்லுக்கு உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது சிக்கல்.

இவருடைய ஆபீஸில் மாதம் சுமார் 60 பில் ஒத்துப்போகாமல் நின்றது. பார்த்தால், பெரும்பாலானவற்றில் பில்லில் தப்பே இல்லை. சப்ளையர் பில் எண்ணை "045/24-25" என்று போட்டிருக்கிறார், டாலியில் "45" என்று ஏறியிருக்கிறது. இவர் செய்தது இரண்டு காரியம். பில் எண்ணை அச்சில் உள்ளபடியே ஏற்ற வேண்டும் என்று டேட்டா என்ட்ரி செய்பவரோடு பேசி முடிவு செய்தார். பழைய பில்களுக்கு எக்ஸெலில் சாய்கோடு, இடைக்கோடு, முன்னால் வரும் பூஜ்யம், ஆண்டு எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணோடு சேர்த்து ஒப்பிட்டார். அதன்பிறகு மாதம் 15 பில் அளவுக்குத்தான் நின்றது. அவை உண்மையாகவே சப்ளையர் காட்டாத பில்கள்.

சரி, இப்போது பதிவு இப்படி மாறுகிறது:

"முன்பு: 400 பில்லில் சுமார் 60 ஒத்துப்போகாது, கணக்கு ஆடிட்டருக்குப் போவது 19-ஆம் தேதி மாலை. செய்தது: பில் எண் ஏற்றும் முறையை ஒரே மாதிரியாக்கினேன், ஒப்பிடும் ஷீட்டைப் புதிதாக அமைத்தேன். மாற்றம்: 15 ஆகக் குறைந்தது, 16-ஆம் தேதியே போகிறது. ஆதாரம்: ஆடிட்டருக்குப் போன மெயில்கள், மார்ச் முதல் ஆகஸ்ட் வரை."

இதில் உயிரான பகுதி "முன்பு". மாற்றம் வந்தபிறகு பழைய நிலைமை யாருக்கும் நினைவிருக்காது, பழைய ஷீட்டும் அழிந்திருக்கும். அதனால் எந்த வேலையையும் மாற்றப்போகிறீர்கள் என்றால், தொடங்கும் நாளிலேயே அன்றைய நிலையை எழுதிவிடுங்கள். விட்டுப்போனாலும் வழி உண்டு. மாதாமாதம் போன மெயிலின் தேதியும் நேரமுமே சாட்சி. 19-ஆம் தேதி மாலை ஏழு மணிக்குப் போனது இப்போது 16-ஆம் தேதி மதியம் போகிறது என்றால் அதை மறுக்க யாராலும் முடியாது.

ஒரு மாதத்தை மட்டும் வைத்து எண் சொல்லாதீர்கள். பில் குறைவாக வந்த மாதத்தில் எல்லாமே வேகமாக முடியும். மாற்றத்துக்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எண் இல்லாத வேலைகள்

நடக்காமல் தடுத்த விஷயத்துக்கு எண் கிடைப்பது கஷ்டம். உதாரணமாக, குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். அந்தக் கெடு தாண்டி, நிதியாண்டு முடிவிலும் நிலுவையாகவே நின்றால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவாக வந்து, 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்த விதி இது. நம் அக்கவுண்டன்ட் சப்ளையர்களிடம், குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்ததைக் காட்டும் உத்யம் சான்றிதழைக் கேட்டு வாங்கி, யார் யார் இந்த விதிக்குள் வருகிறார்கள் என்று பட்டியல் போட்டு, கெடு நெருங்கும் பில்களை வாராவாரம் கேஷியரிடம் கொடுக்கிறார். விளைவு என்னவென்றால், மார்ச் 31-இல் எதுவும் நடக்கவில்லை!

இப்படிப்பட்டவற்றில் என்ன நடந்திருக்கும் என்பதை எழுதுங்கள்: "ஆண்டு முடிவில் கெடு தாண்டிய பில் ஒன்றும் இல்லை. முந்தைய ஆண்டு இந்தப் பட்டியலை ஆடிட்டர் கேட்டபிறகுதான் தொடங்கினோம்." ஆடிட்டர் நல்லதாக ஒரு வரி மெயிலில் சொல்லியிருந்தால், அந்த மெயிலின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பலர் சேர்ந்து செய்த வேலையில் உங்கள் பங்கை மட்டும் எழுதுங்கள். "பட்டியலைத் தயாரித்தது நான், பணம் அனுப்பியது கேஷியர்" என்று பிரித்துச் சொன்னால் அடுத்தவர் உழைப்பும் மறையாது, உங்கள் பேச்சிலும் நம்பிக்கை வரும்.

நான்காம் படி: காலாண்டுக்கு ஒருமுறை சலிப்பது

ஜூன், செப்டம்பர், டிசம்பர் முடிவில் அரை மணி நேரம் ஒதுக்கி, ஷீட்டில் மூன்று பதிவுகளை மட்டும் வண்ணமிடுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் உங்களுக்குக் கொடுத்த இலக்குகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏதாவது ஓர் இலக்குக்கு எதிரே ஒரு பதிவுகூட இல்லையென்றால், மேலாளரிடம் போய்ப் பேச அதுதான் நேரம். மார்ச்சில் தெரிந்து பயனில்லை.

ஐந்தாம் படி: ஒரே பதிவு, மூன்று உருவம்

சுயமதிப்பீட்டுப் படிவத்தில் நம் அக்கவுண்டன்ட் எழுதுவது: "ஜிஎஸ்டி ஒப்பீட்டில் நின்றுபோகும் பில்களை மாதம் 60-இலிருந்து 15-ஆகக் குறைத்தேன். கணக்கு மூன்று நாள் முன்னதாக ஆடிட்டருக்குப் போவதால், பில்லைக் காட்டாத சப்ளையரைக் கெடுவுக்கு முன்பே கூப்பிட்டுப் பேச நேரம் கிடைக்கிறது." இங்கே நிறுவனத்துக்கு என்ன கிடைத்தது என்பது கடைசி வாக்கியத்தில் வருகிறது. அதை விடாதீர்கள்.

சம்பள உயர்வுக்கு இதையே மேலாளர் பேசும்படி சுருக்க வேண்டும். பல இடங்களில் உயர்வை முடிவு செய்வது உங்கள் மேலாளர் மட்டும் இல்லை, அவர் தன் மேலதிகாரியிடம் உங்களுக்காகப் பேசுகிறார். அவர் கையில் ஒரு பக்கம் இருக்க வேண்டும். படிவம் வருவதற்கு முன்பே, ஜனவரி கடைசியில், "சார், இந்த வருஷம் செஞ்சதுல முக்கியமான அஞ்சு விஷயத்தை எழுதியிருக்கேன், நேரம் கிடைக்கும்போது பாருங்க" என்று கொடுத்துவிடுங்கள். பட்ஜெட் முடிவான பிறகு கொடுக்கும் பக்கத்துக்கு மதிப்பு குறைவு.

ரெஸ்யூமேயில் ஒரே வரி: "மாதம் 400 கொள்முதல் பில்களுக்கு ஜிஎஸ்டிஆர்-2பி ஒப்பீடு; ஒத்துப்போகாதவற்றை 60-இலிருந்து 15-ஆகக் குறைத்தேன்." நேர்காணலில் "எப்படிக் குறைத்தீர்கள், எப்படி அளந்தீர்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். எண்ணைக் கூட்டிச் சொன்னவர் இந்த இடத்தில்தான் திணறுவார். பதிவு வைத்திருப்பவர் பில் எண் கதையைச் சொன்னால் போதும், எதிரே இருப்பவரும் அக்கவுண்ட்ஸ்காரர் என்றால் தலையாட்டத் தொடங்கிவிடுவார்.

வேலை மாறுவதாக முடிவெடுத்தால், ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே ஆதாரப் பத்தியில் குறித்த மெயில்களைத் திறந்து, ஷீட்டில் உள்ள தேதியும் எண்ணும் சரிதானா என்று ஒருமுறை ஒத்துப்பாருங்கள். அப்புறம் அவற்றைப் பார்க்க வழி இருக்காது.