காய்ச்சலில் குழந்தைக்கு வலிப்பு வந்தால்: முதலில் மணி பாருங்கள், வாயில் கைவைக்காதீர்கள்

குழந்தைக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போதே இதைத் திறந்தவர்களுக்கு இவ்வளவு போதும்: தரையில் பாய் போட்டு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மணி பாருங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள். மற்றதை அடங்கிய பிறகு படிக்கலாம்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு ஒரு முறையாவது காய்ச்சல் வலிப்பு வருகிறது. ஒன்று, ஒன்றரை வயதில்தான் அதிகம். அந்த வயதில் மூளை இன்னும் முதிரவில்லை; காய்ச்சலின் சூட்டையும், அதோடு உடலில் சுரக்கும் வேதிப்பொருள்களையும் சில குழந்தைகளின் மூளை தாங்குவதில்லை. பெற்றோருக்குச் சிறு வயதில் வந்திருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு கூடுதல்.

எங்கள் வீட்டில் நடந்தது

மகனுக்கு அப்போது ஒன்றரை வயது, எடை 11 கிலோ. ஐப்பசி மழையில் கடலூர் முதுநகரில் மாமியார் வீட்டில் இருந்தோம். காலையில் மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான். மாலையில் மடியில் இருந்தவன் திடீரென விறைத்தான். கண் மேலே செருகிக்கொண்டது, பல் கிட்டியது, உதடு நீலமானது. பிறகு இரு கையும் இரு காலும் ஒரே சீராக வெட்டி வெட்டி இழுத்தன. தொட்டுப் பார்த்தபோதுதான் உடம்பு கொதிப்பது தெரிந்தது. இப்படித்தான் பெரும்பாலும் வருகிறது: காய்ச்சலின் முதல் நாளிலேயே, சில சமயம் காய்ச்சல் இருப்பதே நமக்குத் தெரியும் முன்பாக.

உதடு நீலமாவதைப் பார்த்து மூச்சு நின்றுவிட்டது என்று நினைப்போம். மார்புத் தசைகளும் விறைப்பதால் மூச்சு சில நொடிகள் தடைப்படுகிறது. இழுப்பு தளரும்போது தானாகத் திரும்பும். வாயோடு வாய் வைத்து ஊதத் தேவையில்லை. இழுப்பு நின்ற பிறகும் மூச்சு வராவிட்டால்தான் அது வேறு விஷயம். உடனே 108-ஐ அழைத்து அவர்கள் சொல்வதைச் செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியவை, வரிசையாக

முதல் வேலை நேரம். என் கணவர் கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை அழுத்தினார். பத்து நிமிடம் ஓடிவிட்டது என்று நான் சத்தியம் செய்திருப்பேன். நின்றபோது இரண்டு நிமிடம் பத்து நொடி. மருத்துவர் முதலில் கேட்டதும் அதைத்தான். சுவர்க் கடிகாரத்தை நான் நம்புவதில்லை, தொடங்கிய நேரம் ஒருவருக்கும் நினைவிருக்காது. இன்னொருவர் இருந்தால் கைப்பேசியில் படம் எடுக்கட்டும். இழுப்பு இரு பக்கமுமா, ஒரே பக்கமா என்பதை வாயால் விவரிப்பதைவிட அது தெளிவாகக் காட்டும்.

அடுத்து, மடியிலிருந்து தரைக்கு இறக்குங்கள். கட்டிலில் வேண்டாம், உருண்டு விழும். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சிலும் வாந்தியும் வெளியே வழியும், மூச்சுக்குழாய்க்குள் போகாது. கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, எட்டும் தூரத்தில் உள்ள பாத்திரம், நாற்காலியை அகற்றுங்கள்.

மூன்றாவதுதான் உண்மையில் கடினம்: சுற்றி நிற்பவர்களைத் தடுப்பது. எங்கள் வீட்டில் அத்தை கொத்துச்சாவியைக் கையில் திணிக்க வந்தார், பக்கத்து வீட்டுப் பெரியம்மா கரண்டியோடு வந்தார். சாவியால் கெடுதலும் இல்லை, பயனும் இல்லை. இழுப்பு தானாக நிற்கிறது, பெயர் சாவிக்குப் போகிறது. கரண்டி அப்படியல்ல. கிட்டிய பற்களுக்கு இடையில் எதையாவது நுழைத்தால் பால்பல் உடையும், உடைந்த பல் மூச்சுக்குழாயில் இறங்கலாம். நாக்கை விழுங்க யாராலும் முடியாது. ஓரத்தில் கடிபட்டாலும் அந்தப் புண் சில நாளில் ஆறும். தண்ணீர், மருந்து, வெங்காயச் சாறு எதையும் வாயில் ஊற்றக் கூடாது. நினைவில்லாத குழந்தை விழுங்காது, நுரையீரலுக்குத்தான் போகும். வாதம் செய்ய அப்போது நேரமில்லை. பெரியம்மாவிடம், "நீங்கள் கதவைத் திறந்து ஆட்டோவைக் கூப்பிடுங்கள்" என்றேன். கையில் ஒரு வேலை கொடுத்தால் கரண்டி கீழே இறங்கிவிடும்.

கை கால்களை அமுக்கிப் பிடிப்பதும் வேண்டாம். பிடித்தால் இழுப்பு நிற்காது, மூட்டுதான் பிசகும். குளிர்ந்த நீரில் முக்குவதும் தவறு.

நின்ற பிறகு குழந்தை துவண்டு தூங்கிவிடும். அதுவும் பயமுறுத்தும், ஆனால் இயல்பு. பக்கவாட்டிலேயே கிடத்தி மூச்சைக் கவனியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் விழித்து உங்களை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்

முதல் முறை என்றால், நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வலிப்புக்காக மட்டுமல்ல, காய்ச்சலுக்குக் காரணம் மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்ய. கழுத்து விறைப்பு, உச்சிக்குழி புடைப்பது, விடாத வாந்தி, விழிக்காத மயக்கம், ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஒரே பக்கம் மட்டும் இழுப்பது, 24 மணி நேரத்துக்குள் மறுபடி வருவது, 15 நிமிடம் தாண்டுவது ஆகியவை சாதாரண வகையைச் சேர்ந்தவை அல்ல. அதற்குக் கூடுதல் பரிசோதனை உண்டு.

வலிப்பு நிற்காத குழந்தையோடு கடலூரிலிருந்து ஜிப்மருக்குத்தான் போவேன் என்று கிளம்பாதீர்கள். வலிப்பை நிறுத்தும் ஊசி எந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவிலும் இருக்கும். அருகில் உள்ளதுதான் நல்லது.

பெரும்பாலும் ஏன் கெடுதல் இல்லை

காய்ச்சல் வலிப்பு வந்த 1,706 குழந்தைகளை ஏழு வயது வரை அமெரிக்காவில் தொடர்ந்து பார்த்தார்கள். அந்த முடிவுகள் 1970-களில் வெளிவந்தன. வலிப்பு வராத உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டபோது அறிவுத்திறனில் வேறுபாடு இல்லை. பிற்காலத்தில் கால்கை வலிப்பு வரும் வாய்ப்பு பொதுவாக நூற்றில் ஒருவருக்கு என்றால், சாதாரணக் காய்ச்சல் வலிப்பு வந்தவர்களில் அது சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஆனால் மூன்றில் ஒரு குழந்தைக்கு இன்னொரு காய்ச்சலில் மறுபடி வரும். அதற்குத் தயாராக இருங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

பாரசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுத்தால் வலிப்பைத் தடுக்கலாமா? முடியாது. அது குழந்தையின் உடல்வலிக்கும் அலுப்புக்கும்தான். கொடுக்கும்போது சிரப்பின் வீரியத்தைப் படியுங்கள். ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் என் மகனுக்கு 165. 5 மில்லியில் 125 உள்ள பாட்டிலில் அது ஆறரை மில்லி, 250 உள்ளதில் மூன்றேகால். பாட்டில் மாறினால் அளவு இரட்டிப்பாகும். வீட்டுக் கரண்டி வேண்டவே வேண்டாம், கோடு போட்ட மருந்து சிரிஞ்சுதான் சரி.

குளிர் நடுக்கமா, வலிப்பா? நடுங்கும் குழந்தை உங்களைப் பார்க்கும், அழும்; கையைப் பிடித்தால் நடுக்கம் தணியும். வலிப்பில் கூப்பிட்டாலும் பார்வை திரும்பாது.

மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே பற்றிப் பலர் கேட்டார்கள். நீண்ட வலிப்பு வந்த குழந்தைகளுக்கு மருத்துவர் எழுதித் தருவது அது. ஐந்து நிமிடம் ஆகியும் நிற்காதபோது பயன்படுத்த. ஒரு முறை அழுத்தினால் வரும் அளவு எல்லா ஸ்பிரேயிலும் ஒன்றல்ல. உங்கள் குழந்தைக்கு எத்தனை அழுத்தம் என்று மருத்துவரிடம் கேட்டுப் பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள், எடை கூடும்போது மறுபடி கேளுங்கள்.