சளி மாதிரி மூடியைத் திறப்பதற்கு முன்: டிபி லேபில் பாதுகாப்பாக வேலை செய்வது

டிஎம்எல்டி முடித்துவிட்டு டிபி லேபில் சேருகிறவர்கள் முதலில் கேட்பது, "இந்தக் கிருமிக்கு பிஎஸ்எல் எத்தனை?" என்றுதான். பாடத்தில் கிருமிகளுக்கு நான்கு ஆபத்துப் பிரிவுகள், லேபுக்கு நான்கு பாதுகாப்பு நிலைகள் என்று பக்கத்துப் பக்கத்திலேயே இருப்பதால் இரண்டும் ஒன்று என்று மனதில் பதிந்துவிடுகிறது. டிபி கிருமி மூன்றாம் ஆபத்துப் பிரிவு. அதனால் அதைத் தொடும் எந்த வேலைக்கும் பிஎஸ்எல் 3 வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அரசு மருத்துவமனைகளில் ஸ்மியர் பார்க்கிற சின்ன அறைகளையெல்லாம் மூட வேண்டியதுதான். நிலையை முடிவு செய்வது கிருமி மட்டும் இல்லை, அதை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதும் சேர்ந்துதான்.

டிபி காற்றில் பரவுகிற நோய். 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள நுண்துளிகள்தான் நுரையீரலின் அடி வரை போகும், அவ்வளவு சிறியவை கண்ணுக்குத் தெரியாது, நெடுநேரம் காற்றிலேயே மிதக்கும். ஆகவே எந்த வேலையைத் தொடங்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி, இதில் எவ்வளவு கிருமி இருக்கிறது, நான் செய்யும் வேலை அதைக் காற்றில் கிளப்புமா என்பதுதான். உலக சுகாதார நிறுவனம் 2012இல் டிபி லேபுகளுக்கென்றே வெளியிட்ட கையேடும் இப்படித்தான் மூன்றாகப் பிரிக்கிறது. சளியிலிருந்து நேரடியாக ஸ்மியர் போடுவது, சிபிநாட் போடுவது குறைந்த ஆபத்து, நல்ல காற்றோட்டம் இருந்தால் திறந்த மேசையிலேயே செய்யலாம். கல்ச்சருக்காகச் சளியைக் கரைத்துச் சுழற்றுவது நடுத்தர ஆபத்து, உயிர்ப் பாதுகாப்புக் கேபினெட் கட்டாயம். வளர்ந்த கல்ச்சரைத் திறந்து மருந்து எதிர்ப்புச் சோதனை செய்வது அதிக ஆபத்து. பிஎஸ்எல் 3 மாதிரியான அடைப்பு, அதாவது உள்நோக்கியே காற்று போகும் அறை, இரட்டைக் கதவு எல்லாம் அங்கேதான் வருகிறது.

இந்த இடைவெளி ஏன் என்றால், சளியில் ஒரு மில்லிக்கு ஐந்தாயிரம் பத்தாயிரம் கிருமி இருந்தாலே மைக்ராஸ்கோப்பில் தெரியும். வளர்ந்த கல்ச்சரிலோ அது கோடிக்கணக்கில் இருக்கும். போதாததற்கு சளி கெட்டியானது, எளிதில் தெறிக்காது. திரவக் கல்ச்சர் தண்ணீர் மாதிரி, குழாயைக் குலுக்கித் திறந்தாலே போதும், நுண்துளி கிளம்பிவிடும்.

ஸ்மியர் மேசையில்

மாதிரி வந்ததும் பெட்டியை உடனே பிரித்துப் பரப்ப வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு, உள்பை ஈரமாக இருக்கிறதா, மூடி இறுக்கமா என்று முதலில் பாருங்கள். பை உள்ளே கசிந்திருந்தால் அப்படியே மூடி, முடிந்தால் புது மாதிரி கேளுங்கள். மறுபடி வாங்கவே முடியாத மாதிரி என்றால் கேபினெட்டுக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும்.

ஸ்மியர் போட நான் விளக்குமாற்றுக் குச்சிக்கே ஓட்டுப் போடுவேன். முனையை ஒடித்தால் சொரசொரப்பாகி சளியின் கெட்டியான பகுதியைச் சுலபமாக எடுக்கிறது, வேலை முடிந்ததும் 5 சதவீத ஃபீனால் வாளியில் போட்டுவிடலாம். கம்பி லூப்பை நேராகத் தீயில் காட்டும்போது மேலே ஒட்டிய சளி பொரிந்து தெறிக்கும், அந்தத் தெறிப்பு நம் முகத்துக்கு எதிரேதான் நடக்கிறது. ஸ்லைடை அவசரப்பட்டு ஈரத்தோடு தீயில் காட்டுவதும் இதே கதைதான். அறை வெப்பத்திலேயே முழுக்க உலரட்டும், 15 முதல் 30 நிமிடம் ஆகும், அதற்கப்புறம் தீயின் மேல் இரண்டு மூன்று தடவை காட்டிப் பதிக்கலாம். பதித்த ஸ்லைடிலும் உயிருள்ள கிருமி மிச்சமிருக்கலாம் என்பதால் சாயம் போட்டு முடியும் வரை அதைத் தொற்றுப்பொருளாகவே நடத்துங்கள்.

கேபினெட்: இங்கேதான் நிதானம் வேண்டும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கல்லூரிகளில் மீடியா ஊற்றப் பயன்படும் மேசையையும் நாம் "லேமினார்" என்கிறோம், டிபி லேபில் இருக்கும் இரண்டாம் வகுப்பு உயிர்ப் பாதுகாப்புக் கேபினெட்டையும் "லேமினார்" என்கிறோம். வெளியே பார்க்க இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. முதலாவது, வடிகட்டிய காற்றை உங்கள் முகத்தை நோக்கி ஊதும் வகை, மீடியாவைக் காப்பாற்றுவதற்காகச் செய்தது. இரண்டாவது உங்களிடமிருந்து காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, உள்ளே சுத்தக் காற்றை மேலிருந்து கீழே இறக்கி, வெளியே விடும்போது ஹெப்பா வடிகட்டி வழியாக விடும். முதல் வகையில் சளியைத் திறந்தால் கிருமி நேரே உங்கள் மேல் வந்து விழும். புது லேபில் முதல் நாளே தகட்டில் எழுதியிருக்கும் வகுப்பைப் படித்துவிடுங்கள், யாரும் "லேமினார்தான்" என்று சொன்னதை வைத்து நம்ப வேண்டாம்.

அப்புறம் காற்றின் போக்கு. நாங்கள் கேபினெட்டை ஓரத்தில் ஒழுங்காக வைத்து, ஆண்டுச் சான்றும் வாங்கி வேலை தொடங்கினோம். ஆனால் பகலில் டிஷ்யூ தாளை மெல்லிய பட்டையாகக் கிழித்து, கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஒட்டிப் பார்த்தால் சில நேரம் அது உள்ளே சாய்வதற்குப் பதில் வெளியே ஆடியது. காரணம் தேடியதில், மோட்டாரில் குறை இல்லை, எதிர்ச் சுவரில் இருந்த ஸ்பிளிட் ஏசியின் மடிப்புகள் நேராகக் கேபினெட் வாயைப் பார்த்திருந்தன. உள்ளே போகும் காற்று நொடிக்கு சுமார் அரை மீட்டர் வேகம்தான், மனிதர் ஒருவர் பின்னால் வேகமாக நடந்து போனாலே அதைக் கலைக்க முடியும். ஏசியின் மடிப்பை மேல்நோக்கித் திருப்பி, வேலை நேரத்தில் அந்த வழியாக யாரும் நடக்கக்கூடாது என்று ஏற்பாடு செய்தபின் பட்டை நிதானமாக உள்ளே சாய்ந்தது. சீலிங் ஃபேன், ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. டிஷ்யூ பட்டை திசையை மட்டும்தான் காட்டும், வடிகட்டியில் ஓட்டை இருந்தால் அதற்குத் தெரியாது, ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

இனி வேலை. போட்டுக் குறைந்தது ஐந்து நிமிடம் ஓடட்டும். தேவையானவற்றை எல்லாம் ஒரே தடவையில் உள்ளே வையுங்கள், ஏனென்றால் கையை வெளியே எடுக்கும் ஒவ்வொரு தடவையும் உள்காற்று கையோடு வெளியே வருகிறது. கையை நேராக நுழைத்து, சில நொடி பொறுத்து, ஓரம் பாராமல் நடுவில், முன் ஜல்லடையிலிருந்து குறைந்தது 10 செ.மீ. உள்ளே வேலை செய்யுங்கள். பதிவேடு, டிப் பெட்டி என்று அந்த ஜல்லடை மேல் எதையும் வைக்காதீர்கள், அது அடைந்தால் காற்று வேலி உடைகிறது. சுத்தமானவை ஒரு பக்கம், கழிவு மறுபக்கம், நடுவில் வேலை. புன்சன் பர்னர் வேண்டாம், வெப்பக் காற்று மேலே எழுந்து இறங்கும் காற்றைக் குழப்பும், வடிகட்டியையும் கெடுக்கும். யூவி விளக்கை நான் நம்புவதில்லை, தூசி படிந்தால் அதன் திறன் போய்விடும், நிழல் விழும் இடத்தில் அது வேலையே செய்யாது. கிருமிநாசினியால் துடைப்பதுதான் உண்மையான சுத்தம்.

ஒரு மாதிரி கல்ச்சருக்குப் போகும் வழி

5 மில்லி சளி என்று வைத்துக்கொள்வோம். கேபினெட்டுக்குள் 50 மில்லி குழாயில் அதே அளவு நால்க்-நாஓஹெச் சேர்த்து மூடியை இறுக்கி 20 நொடி வோர்டெக்ஸ், 15 முதல் 20 நிமிடம் நிற்க வைத்தல். இந்த நிற்கும் நேரம் கலக்கும்போது கிளம்பிய நுண்துளி அடங்கவும் உதவுகிறது, அவசரமாகத் திறக்காதீர்கள். பாஸ்பேட் பஃபரை 45 மில்லி வரை ஊற்றிச் சென்ட்ரிஃபியூஜில் மூடி போட்ட பக்கெட்டில் வைத்துச் சுழற்றுங்கள். நின்றதும் பக்கெட்டைப் பூட்டியபடியே கேபினெட்டுக்குக் கொண்டுவந்து அங்கேதான் திறக்க வேண்டும். மேல் திரவத்தை ஃபீனால் இருக்கும் அகலப் பாத்திரத்தில் புனல் வழியாகச் சுவரோடு ஒட்டி மெதுவாக ஊற்றுங்கள், உயரத்திலிருந்து கொட்டினால் தெறிக்கும். சுழலும்போது குழாய் உடைந்த சத்தம் கேட்டால் மோட்டாரை நிறுத்தி, 30 நிமிடம் மூடியைத் தொடாதீர்கள்.

என்95 போட்டுக்கொள்ளலாம், தாடி விளிம்பில் இடித்தால் அது சரியாக ஒட்டாது. அறுவைச் சிகிச்சை முகமூடி நம் வாயிலிருந்து வெளியே போவதைத் தடுக்கத்தான், உள்ளே வரும் நுண்துளிக்கு அது போதாது.

தரையில் விழுந்துவிட்டால்

கேபினெட்டுக்குள் சிந்தினால் அதை நிறுத்தாமல், மேலே தாள் போட்டு, வெளி விளிம்பிலிருந்து நடுவுக்குக் கிருமிநாசினி ஊற்றி 30 நிமிடம் விடுங்கள். வெளியே, அதுவும் கல்ச்சர் உடைந்தால், துடைக்கப் போகவே வேண்டாம். எல்லோரும் வெளியேறிக் கதவைச் சாத்திப் பலகை மாட்டுங்கள். எவ்வளவு நேரம் என்பது அறையின் காற்று மாற்றத்தைப் பொறுத்தது. மணிக்கு 12 முறை மாறும் அறையில் மிதக்கும் துளிகளில் 99 சதவீதம் போக 23 நிமிடம், 6 முறை என்றால் 46 நிமிடம். உங்கள் அறைக்கு எவ்வளவு என்று முன்பே கேட்டு எழுதி ஒட்டிவிடுங்கள். திரும்பப் போகும்போது என்95, மேலங்கி, இரட்டைக் கையுறை.

ஹைப்போகுளோரைட் கணக்கு: லேபிளில் 4 சதவீதம் என்றிருந்தால் ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.5 சதவீதம். கெட்டிச் சளி மேல் ஊற்றுவதற்கு 1 சதவீதம் வேண்டும், ஒன்றுக்கு மூன்று. வெயிலில் வைத்த கேனின் பலம் குறைந்துகொண்டே போகும், அதனால் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். இரும்பு அரிக்கும், நேரம் முடிந்ததும் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். தரை துடைக்கும் குவாட்டர்னரி அம்மோனியம் வகைக் கரைசல்கள் டிபி கிருமியின் மெழுகு உறையிடம் எடுபடாது, மணம் நன்றாக இருக்கிறது என்று அதை ஊற்றிவிட்டு நிம்மதி அடைய வேண்டாம்.

பின்சேர்க்கை: கருத்துப் பகுதியில் ஒருவர், சாயம் போடும் தொட்டியில் ஹைப்போ ஊற்றியதும் மூச்சு முட்டியதாக எழுதியிருந்தார். ஸ்லைடை நிறம் நீக்கப் பயன்படும் கந்தக அமிலம் அந்தத் தொட்டியில் இருந்திருக்கும், அமிலமும் ஹைப்போவும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சாயத் தொட்டிக்கு ஹைப்போ போகவே கூடாது.

இன்னொன்று: ஹைப்போவில் ஊறிய கழிவை ஆட்டோகிளேவில் போடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம், ஃபீனாலில் ஊறியதையும் போடாதீர்கள், சூட்டில் கிளம்பும் ஆவி ஆளுக்கும் ஆகாது, கலனையும் அரிக்கும். ஆட்டோகிளேவுக்குப் போகும் கல்ச்சர் குழாய்களைத் தனியாக, மூடியைச் சற்றுத் தளர்த்தி, நீராவி உள்ளே போகும்படி பையின் வாயைத் திறந்துவிட்டு 121 டிகிரியில் வையுங்கள். பை நிறைய அடைத்தால் நடுப்பகுதிக்குச் சூடு எட்டாது, டேப் நிறம் மாறியிருந்தாலும் அது பையின் வெளிப்புறத்தைத்தான் சொல்கிறது. நடுவில் ஸ்போர் ஸ்ட்ரிப் வைத்து அவ்வப்போது சோதித்துக்கொள்ளுங்கள்.