மறுக்கப்பட்ட லீவை மறுபடி கேட்பது எப்படி? (தங்கை கல்யாணமும் GSTR-1-உம்)

ஒரு கம்பெனியில் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். தங்கைக்குச் செப்டம்பர் 11 அன்று திருநெல்வேலியில் முகூர்த்தம். கம்பெனியின் விற்பனை பில் விவரங்களைக் காட்டும் GSTR-1 படிவத்தை மாதாமாதம் தாக்கல் செய்யக் கடைசி நாளும் 11தான். 9 முதல் 12 வரை லீவு போட்டேன்; போர்ட்டலில் "Rejected" என்று வந்தது. அதற்குப் பிறகு செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. மறுப்புக்கான காரணத்தை நேரில் கேளுங்கள்

உடனே மெயில் அடிக்காதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். போர்ட்டலில் "வேலை அதிகம்" என்று மட்டும்தான் இருக்கும். அதற்குப் பதில் எழுதினால் கல்யாணம் எவ்வளவு முக்கியம் என்றுதான் எழுத வரும். மேனேஜர் அதை மறுக்கவே இல்லையே!

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய், "சார், எந்த வேலை நின்றுவிடும் என்று நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு விஷயம் சொன்னார். கோவை கிளையின் பில்கள் எப்போதும் 10ஆம் தேதிதான் வரும். அப்புறம், தாக்கலுக்கு டைரக்டரின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி, அதாவது டிஎஸ்சி டோக்கன் வேண்டும். அதைக் கணினியில் செருகிக் கையெழுத்து போடுவது நான்தான். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு ஓடிபி மட்டும் போதாது என்பதால் அவர் பயம் நியாயமானது.

2. ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு பதில் தயார் செய்யுங்கள்

GSTR-1-ஐ 11 வரை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை, முன்னாலேயே தாக்கல் செய்யலாம். கோவை கிளையில் பேசி, பில்களை 8ஆம் தேதி மாலைக்குள் அனுப்ப ஒப்புக்கொள்ள வைத்தேன். 9ஆம் தேதி டைரக்டர் ஆபீஸில் இருப்பாரா என்றும் விசாரித்துக்கொண்டேன்.

அப்படியும் ஒரு பில் விட்டுப்போனால்? 2024 முதல் GSTR-1-ஐத் திருத்த GSTR-1A என்ற படிவம் இருக்கிறது. 11ஆம் தேதிக்குப் பிறகு திறக்கும். அந்த மாத வரியைக் கணக்கிட்டுக் கட்டும் GSTR-3B தாக்கல் ஆகும்வரை, ஒரே ஒரு முறை, விட்டதைச் சேர்க்கலாம். 3B-க்குக் கடைசி நாள் 20. ஆனால் 1A-வில் சேர்த்த பில், பொருள் வாங்கியவருக்கு எவ்வளவு வரி வரவு உண்டு என்று காட்டும் GSTR-2B-இல் அடுத்த மாதம்தான் தெரியும். ஆகவே பெரிய வாடிக்கையாளர்களின் பில்களை முதலிலேயே சரிபார்த்துவிட வேண்டும். இதையும் மறைக்காமல் மேனேஜரிடம் சொன்னேன்.

3. கேட்பதைக் குறையுங்கள்

அதே நான்கு நாளை மறுபடி கேட்டால் அதே பதில்தான் வரும். 9ஆம் தேதி வேலையை முடித்துவிட்டு இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் மாப்பிள்ளை அழைப்புக்குப் போய்விடலாம். மூன்று நாளாகக் குறைத்தேன்.

4. மெயில்

வாட்ஸப் வேண்டாம். மேலே இருப்பவரிடம் மேனேஜர் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தால், அப்படியே அனுப்ப மெயில்தான் வசதி. எச்ஆரை இப்போதே சிசியில் போடாதீர்கள். புகார் போலத் தெரியும். நான் ஆங்கிலத்தில் அனுப்பியதன் சாரம்:

> சார், வணக்கம். நேற்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. 11ஆம் தேதி என் உடன்பிறந்த தங்கையின் திருமணம். பொரியிடும் சடங்கில் அவள் கையில் பொரி இட வேண்டிய அண்ணன் நான் ஒருவன்தான். நான்கு நாளுக்குப் பதில் 10, 11, 12 ஆகிய மூன்று நாள் மட்டும் கேட்கிறேன்.
>
> கோவை பில்கள் 8ஆம் தேதி மாலை வந்துவிடும். 9ஆம் தேதி உங்கள் பார்வைக்கு வைத்து, டைரக்டர் முன்னிலையில் GSTR-1 தாக்கல் செய்துவிட்டே கிளம்புவேன். விடுபட்டது ஏதாவது இருந்தால் 15ஆம் தேதி வந்ததும் GSTR-1A-வில் சேர்க்கிறேன். 10ஆம் தேதி மாலையும் 11ஆம் தேதி காலையும் தவிர போனில் கிடைப்பேன். இதில் மாற்றம் வேண்டுமானால் சொல்லுங்கள், சார். தயவுசெய்து மறுபரிசீலனை செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

சடங்கில் உங்கள் பங்கு என்ன என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். "குடும்ப விசேஷம்" என்று மட்டும் எழுதினால் தூரத்து உறவின் கிரகப்பிரவேசமும் அதில்தான் வரும். டிக்கெட் போட்டாகிவிட்டது என்று எழுதாதீர்கள். அவரைக் கேட்காமலேயே முடிவெடுத்த மாதிரி ஆகிவிடும்.

5. இரண்டு வேலைநாள் பொறுங்கள்

பதில் இல்லையென்றால் நேரில் ஒருமுறை நினைவூட்டுங்கள். அப்போதும் முடியாது என்றால், "முகூர்த்த நாள் மட்டுமாவது?" என்று கேளுங்கள். அதுவும் நடக்காவிட்டால், எச்ஆரிடம் போகப்போவதாக மேனேஜரிடமே சொல்லிவிட்டுப் போங்கள். எனக்கு மூன்று நாளும் கிடைத்தது.

பின்சேர்க்கை: வாசகர் ஒருவருக்கு மேனேஜர் வாய்மொழியாகச் சரி சொல்லியும் சம்பளம் பிடித்துவிட்டார்களாம். போர்ட்டலில் பழைய விண்ணப்பம் "Rejected" என்றே கிடந்தால் சம்பளக் கணக்கில் அது லாஸ் ஆஃப் பே ஆகிவிடும். சரி என்ற பதில் வந்த அன்றே புது விண்ணப்பம் போட்டு, "Approved" என்று மாறியதைப் பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.