பிளீச் போத்தலின் ஒரு வரி எச்சரிக்கை: தமிழில் எழுதும் முறை

ஹட்டன், மஸ்கெலியா பக்கமிருந்து வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்கும் கிளீனிங் வேலைக்கும் போகிறவர்களுக்குப் பாதுகாப்புக் குறிப்பு மொழிபெயர்க்கப் போகிறீர்களா? முழுக் கையேட்டையும் தூக்காமல், பிளீச் போத்தலில் வழக்கமாக இருக்கும் இந்த ஒரு வரியில் தொடங்குங்கள்: வேறு பொருட்களுடன் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது, ஆபத்தான வாயு வெளியேறலாம். பார்க்கச் சரியான தமிழ்தான், ஆனால் இதை அப்படியே ஒட்டினால் வம்பு.

முதலில் ஆபத்து எங்கே என்று பாருங்கள். டாய்லட் கிளீனர்கள் பலவற்றில் எசிட் இருக்கிறது, அது பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும், அதுவும் ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூம் என்றால் கேட்கவே வேண்டாம். அமோனியா உள்ள கிளீனரோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான்.

இது தெரிந்த பிறகு வரியைத் திரும்பப் படியுங்கள். சவூதிக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்த அக்கா ஒருவரிடம் இப்படியொரு வரியைக் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்போ தண்ணியும் கலக்கக் கூடாதா தம்பி?" நியாயமான கேள்வி, தண்ணீரும் ஒரு பொருள்தானே! பிளீச்சைத் தண்ணீரில் கரைக்கச் சொல்லி அதே போத்தலில் இருக்கும். ஆகவே 'பொருட்கள்' வேண்டாம், 'வேறு எந்தக் கிளீனரோடும்' என்று போடுங்கள்.

அடுத்தது 'சேர்த்து'. ஒரே வாளியில் ஊற்றுவதைத்தான் சொல்கிறார்கள் என்று படிப்பவர் நினைப்பார், ஆனால் டாய்லட் கிளீனர் ஊற்றிய கோப்பையில், அதைக் கழுவாமல், பிளீச்சை ஊற்றினாலும் அதே வாயுதான். இதற்குத் தனி வரி தேவை. மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதால், குறிப்பைத் தந்தவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

'வெளியேறலாம்' என்பதையும் விடாதீர்கள். 'லாம்' வாய்ப்பையும் சொல்லும், அனுமதியையும் சொல்லும். 'தொடலாம்' என்றால் தொட அனுமதி உண்டு என்றுதானே பொருள்? எச்சரிக்கையில் அதற்கு இடமே கொடுக்காமல் 'ஆபத்து உண்டு' என்று முடிப்பது நல்லது.

அப்புறம் 'கூடாது'. லேபிள் ஒடுக்கமானது, 'பயன்படுத்தக்' ஒரு வரியிலும் 'கூடாது' அடுத்த வரியிலும் விழும், அவசரத்தில் படிப்பவர் கண்ணுக்கு முதல் வரிதான் படும். 'கலக்காதீர்கள்' என்றால் மறுப்பு வினைக்குள்ளேயே இருக்கிறது, அதைப் பிரிக்க முடியாது.

கடைசியில் வருவது இது:

எச்சரிக்கை!
பிளீச்சை வேறு எந்தக் கிளீனரோடும் கலக்காதீர்கள்.
வேறு கிளீனர் ஊற்றிய இடத்தை முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அதன் பிறகுதான் பிளீச் ஊற்ற வேண்டும்.
கலந்தால் நச்சு வாயு கிளம்பும் ஆபத்து உண்டு.

போத்தலில் அச்சிட்ட ஆங்கிலப் பெயரையும் பக்கத்தில் அப்படியே போடுங்கள், அங்கே அலுமாரியில் அவர் தேடப்போவது அந்த எழுத்தைத்தான்.

பிறகு, வேலைக்குப் போகப்போகிற ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதனால், "டாய்லட்டுக்கு முதலே கிளீனர் போட்டாச்சு, மெடம் பிளீச்சும் போடச் சொல்றாங்க, என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். கழுவிவிட்டு ஊற்றுவேன் என்று வரவில்லையென்றால், திருத்த வேண்டியது மூன்றாவது வரியை.